வீணையை வீட்டில் பதிவு செய்ய மைக்கை எங்கே வைப்பது?

வீணையில் மீட்டு விழுந்ததும் நகம் தந்தியில் படும் ‘டிக்’ சத்தம்தான் முதலில் காதில் விழும். நமக்கு வேண்டியது அதற்குப் பின் மெல்லத் தேய்ந்துபோகும் நாதம். கமகம் அதில்தான் இருக்கிறது. மைக்கைத் தேர்ந்தெடுப்பதும் வைப்பதும் அதற்காகத்தான்.

சிறிய டயஃப்ரம் கொண்ட கார்டியாய்ட் கண்டென்சர் மைக் ஒன்று போதும். பாடகர்கள் கையில் பிடிக்கும் டைனமிக் மைக்கிலும் பதிவாகும். ஆனால் வீணையின் சத்தம் குறைவு என்பதால் கெய்னை ஏகத்துக்கு ஏற்ற வேண்டிவரும், கூடவே ‘உஸ்’ இரைச்சலும் ஏறும். கண்டென்சர் மைக்குக்கு ஆடியோ இன்டர்ஃபேஸில் 48V பட்டனை அழுத்த வேண்டும். அதை மறந்துவிட்டு மைக் பழுது என்று முடிவு கட்டுபவர்கள் நிறையப் பேர்.

1. அறை. ஃபேனை நிறுத்துங்கள், தேயும் நாதத்தை முதலில் விழுங்குவது அதன் சத்தம்தான். குடத்துக்கும் மைக் ஸ்டாண்டுக்கும் நடுவே ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்கள். வெறும் தரையில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியோடு கலந்து சில சுரங்களை மட்டும் அமுக்கிவிடும்.

2. இடம். வாசிப்பவருக்கு எதிரே, குடத்தின் மேற்பலகையிலிருந்து சுமார் 40 செ.மீ. தள்ளி, பலகையைவிடச் சற்று உயரத்தில் மைக்கை வையுங்கள். அதன் முனை தண்டி குடத்தோடு சேரும் இடத்தைப் பார்க்கட்டும். குதிரையை நோக்கித் திருப்பினால் ஒலி கூர்மையாகி நகச் சத்தம் தூக்கலாகும். சுரைக்காய்ப் பக்கம் நகர்த்தினால் மெட்டுகளில் விரல் உரசும் ‘சர்ர்’ கேட்கும்.

3. கெய்ன். தாளத் தந்திகளையும் சேர்த்து, உங்களால் முடிந்த அளவு பலமாக மீட்டுங்கள். மீட்டர் −12 dB அருகே நின்றால் சரி.

4. சோதனை. இதைத் தவிர்க்காதீர்கள். 20, 40, 70 செ.மீ. என மூன்று தூரங்களில் ஒரே பகுதியை வாசியுங்கள்: மந்திர ஸ்தாயியில் ஒரு நீண்ட சுரம், ஒரே மீட்டில் இழுக்கும் ஒரு கமகம், கொஞ்சம் துரிதம். மூன்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து, ஹெட்போனில் கேளுங்கள். இல்லாவிட்டால் சத்தம் கூடியதே நன்றாக இருப்பதுபோல் தோன்றும்.

20 செ.மீ. பதிவில் மந்திர சுரம் ‘பொம்’ என்று வீங்கியிருக்கும். கார்டியாய்ட் மைக் நெருங்க நெருங்க அடிக்குரலைக் கூட்டிக் காட்டும், வீணையின் மேல் தவறில்லை. 70-இல் கமகத்தின் கடைசி அசைவு அறையின் எதிரொலியில் கரைந்துபோனால் அது உங்கள் அறைக்கு அதிக தூரம். கடைசி அசைவும் கேட்க வேண்டும், மந்திரமும் வீங்கக்கூடாது. இரண்டும் அமையும் தூரத்தை, மைக்கை ஒவ்வொரு முறையும் 5 செ.மீ. நகர்த்திக் கண்டுபிடியுங்கள்.

தாளத் தந்தி மட்டும் தூக்கலாக இருந்தால் கெய்னைத் தொடாதீர்கள். ஸ்டாண்டை ஒரு சாண் பக்கவாட்டில் தள்ளிவைத்துக் கேளுங்கள். இடம் அமைந்ததும் ஸ்டாண்டின் கால்களுக்கும் குடத்துக்கும் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள்.