‘அண்ணன்’ எந்தக் கட்டத்தில் விழுகிறார்? குடும்ப நோய் வரலாற்றை மொழிபெயர்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவப் படிவத்தில் நோயின் பெயரைத் தவறாக எழுதினால் யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள். உறவின் பெயரில் வரும் பிழை அப்படிக் கண்ணில் படாது. தமிழில் சரியாகப் படித்து, சரியாகப் பதில் சொல்லியும், ஆங்கிலக் கட்டத்தில் வேறு ஆள் போய் உட்கார்ந்துவிடுவார்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் 42 வயதுக்காரர் ஒருவர், “அண்ணனுக்கு 47 வயசுல அட்டாக் வந்துச்சுங்க” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிவாளர் அதை பிரதர் என்று ஏற்றிவிடுகிறார். உடன்பிறந்த ஆணுக்கு 55 வயதுக்குள், பெண்ணுக்கு 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அதை ஆபத்துக் காரணியாக மருத்துவர் கணக்கில் எடுப்பார். கொழுப்பு மாத்திரையை முன்கூட்டியே தொடங்கலாமா என்றுகூட யோசிப்பார். ஆனால் அந்த அண்ணன் பெரியப்பா மகன். இந்தக் கணக்கில் அவர் சேரவே மாட்டார். ‘சகோதரர்’ என்று அச்சிட்டாலும் இதே கதைதான், பங்காளி வீட்டு அண்ணனும் அதில் அடங்குவார். ‘ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த அண்ணன், தம்பி’ என்று விரித்தே எழுதுங்கள். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளுக்குத் தனி வரி கொடுங்கள்.

தாத்தா, பாட்டி என்று பொதுவாகப் போடுவது அடுத்த தவறு. எந்த வழி என்பது அதில் தெரியாது. கொங்கு வழக்கு இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. வலப்பக்கம் இருப்பவை மருத்துவப் பதிவில் உறவுக்கு இடும் ஆங்கிலக் குறியீடுகள், முதலில் P வந்தால் அப்பா வழி, M வந்தால் அம்மா வழி:

```
அப்பாரு    = PGRFTH
அப்பத்தா   = PGRMTH
அப்புச்சி   = MGRFTH
அம்மாயி   = MGRMTH
```

ஊருக்கு ஊர் இந்தப் பெயர்கள் மாறும். அதனால் ‘அம்மாவின் அப்பா (அப்புச்சி)’ என்று இரண்டையும் சேர்த்தே அச்சிட வேண்டும்.

சித்தப்பாவை உடனே PUNCLE என்று போட்டுவிடாதீர்கள். அவர் அப்பாவின் தம்பியாகவும் இருக்கலாம், சித்தியின் கணவராகவும் இருக்கலாம். மாமாவும் அத்தையும் அப்படித்தான். “அப்பாகூடப் பொறந்தவரா, அம்மாகூடப் பொறந்தவரா, கட்டிக்கிட்டு வந்தவரா?” என்று கேட்டால் தெளிந்துவிடும். கட்டிக்கொண்டு வந்தவரின் நோய் ரத்த உறவுக் கட்டத்துக்கு வரக் கூடாது.

சொந்தத்துக்குள் கல்யாணம் ஆன குடும்பத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அப்பா தன் அக்கா மகளைக் கட்டியிருந்தால், நோயாளியின் அம்மாயியே அப்பாவின் அக்காவும் ஆவார். அவருக்கு வந்த மார்பகப் புற்றுநோய் அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என இரண்டு பேராகப் பதிவாகும். ‘அப்பா அம்மா கல்யாணத்துக்கு முன்பே சொந்தமா, என்ன முறை?’ என்ற கேள்வியைச் சேர்த்து, அவரை ஒரே ஆளாக ஏற்றி, உறவைக் குறிப்பில் எழுதுங்கள்.

“அப்படி ஒண்ணுமில்லீங்க” என்ற பதிலுக்குப் பல நேரம் ‘எனக்குத் தெரியாது’ என்றே பொருள். ‘தெரியாது’ கட்டம் இல்லாவிட்டால் அது ‘இல்லை’ ஆகிவிடும்.

படிவத்தைத் திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்ப்பது மட்டும் போதாது. ‘அண்ணன்’ என்பது எப்படியும் பிரதர் என்றுதான் திரும்பும், பிழை தெரியாது. ஐந்தாறு பேரிடம் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு உறவையும் சுட்டி, “இவங்க யாருக்குப் பொறந்தவங்க?” என்று கேட்டு, ஆங்கிலக் கட்டத்தில் ஏறியிருப்பதோடு ஒப்பிடுங்கள்.