“இவருக்கு எல்லாம் விளங்குது”: அஃபேசியா வந்தவர் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிசவாதம் வந்து பேச்சுக் குழம்பிப்போன, அதாவது அஃபேசியா வந்த, ஒருவரைக் கூட்டிவரும் மனைவியோ மகளோ சிகிச்சை அறையில் அநேகமாக முதலில் சொல்வது இதுதான்: “இவருக்கு எல்லாம் விளங்குது, வாய்தான் வருகுதில்ல.” மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இதே பேச்சுத்தான். அதில் பாதி உண்மை. மிச்சப் பாதியை அப்படியே நம்பினால் குளிசை விஷயத்தில் ஆபத்து வரலாம்.

களுவாஞ்சிக்குடிப் பக்கத்து வயல்காரர் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். இடது மூளையின் முன்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைபட்டு வலது கை விழுந்துவிட்டது. என்ன நடந்தது என்று கேட்டால், “காலையில... வயலுக்கு... தண்ணி... மண்வெட்டி... விழு... விழுந்து... கை” என்று முக்கி முக்கிச் சொல்கிறார். சொற்கள் சரியானவை. அவற்றை வசனமாகக் கோப்பதுதான் முடியவில்லை. இதை ப்ரோகா வகை அஃபேசியா என்பார்கள்.

அவரிடம் “மீனத் தங்கச்சி வெட்டுறா” என்று சொல்லிப் படத்தைக் காட்டச் சொன்னால் உடனே காட்டுவார். மீன் ஆளை வெட்டாது என்பது யாருக்கும் தெரியும். அதற்கு இலக்கணம் தேவையில்லை. வீட்டில் நாம் பேசுவதில் பெரும்பகுதி இப்படித்தான், சொற்களும் சூழ்நிலையும் சேர்ந்தே பொருளைத் தந்துவிடும். “எல்லாம் விளங்குது” என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வருகிறது.

இப்போது “அக்காவத் தங்கச்சி தள்ளுறா” என்று சொல்லிப் பாருங்கள். அக்கா தங்கச்சியைத் தள்ளும் படம் ஒன்று, தங்கச்சி அக்காவைத் தள்ளும் படம் ஒன்று. இரண்டும் நடக்கக்கூடியவை. யார் தள்ளியது என்பதைச் சொல்வது “அக்காவ” என்பதன் கடைசியில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன ஒலி மட்டும்தான். எழுத்துத் தமிழின் ‘ஐ’ நம் பேச்சில் அவ்வளவுக்குத் தேய்ந்துவிட்டது. வயல்காரர் இங்கே தடுமாறுவார், அல்லது முதலில் கேட்ட ஆளைத் தள்ளியவராக எடுத்துக்கொள்வார். 1976இல் கரமாசா, சூரிஃப் என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கிலம் பேசும் நோயாளிகளிடம் கண்டதும் இதைத்தான்: பையன் தின்னும் அப்பிள் சிவப்பு என்றால் விளங்கியது, ஒருத்தி துரத்தும் பையன் உயரமானவன் என்றால், யார் யாரைத் துரத்துவது என்பது வெறும் ஊகமாகிப்போனது.

இந்தச் சோதனையைச் செய்யும்போதே சில தவறுகள் நடக்கின்றன. ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் வைத்து வசனம் அமைத்தால், முடிவில் வரும் ‘தள்ளுறா’, ‘தள்ளுறான்’ என்பதே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இருவரும் ஒரே பாலாக இருக்க வேண்டும். படங்களை வலமும் இடமுமாக வைக்கக்கூடாது. இடது மூளையில் அடிபட்ட சிலருக்கு வலப்பக்கப் பார்வை குறைந்திருக்கும், அந்தப் பக்கத்துப் படத்தைக் காணவே மாட்டார்கள். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்து, இடது கையால் தொடச் சொல்லுங்கள். அக்கா யார், தங்கச்சி யார் என்று முதலில் தனியாகக் கேட்டு, சொல் தெரியும் என்பதை உறுதிசெய்யுங்கள். பத்து வசனம் கேட்டால், ஐந்தில் செய்பவர் முதலில் வரட்டும், ஐந்தில் செயப்படுபவர் முதலில் வரட்டும். முதல் ஐந்தும் சரியாகி மற்ற ஐந்தும் பிழைத்தால், அவர் உருபைக் கவனிக்காமல் வரிசையை மட்டும் வைத்து முடிவெடுக்கிறார். இரண்டிலும் பாதிப் பாதி என்றால் ஊகம். பத்து வசனம் ஒரு தடம்தான் காட்டும், முழுச் சோதனையைப் பேச்சுச் சிகிச்சையாளர் செய்வார்.

வீட்டில் இது எப்படி வெளிப்படும்? “மகனுக்குக் காசு குடுங்க”, “மகன்ட்டக் காசு வாங்குங்க” இரண்டும் அவருக்கு ஒன்றாகக் கேட்கலாம். “சாப்பிட முந்தி இந்தக் குளிசை, சாப்பிட்ட பிறகு அது” என்றால் ‘ஓம் ஓம்’ என்று தலையாட்டுவார். தலையாட்டலை விளக்கமாக எடுக்காதீர்கள். குளிசையைக் கையில் எடுத்துக் காட்டி, ஒரு தடவைக்கு ஒரு காரியம் மட்டும், சின்ன வசனத்தில் சொல்லுங்கள்.

இதற்கு எதிர்மாறான ஆளை எங்கள் ஊர்களில் இன்னும் மோசமாகத் தவறாக எடைபோடுகிறோம். இடது மூளையின் பின்பக்கம், காதுக்கு மேலே உள்ள பகுதி பழுதானால் பேச்சு ஆறுபோல ஓடும்: “நான் போய் அந்தத் தோணுக்கியக் கொணந்து, தோணுக்கியாலதான் அதச் செஞ்சிட்டு வந்தன்.” தோணுக்கி என்று தமிழில் ஒன்றுமே இல்லை. ஆனால் உருபு பிசகாமல் ஏறுகிறது, வினையெச்சம் சரியாக நிற்கிறது, தன்மைக்குரிய விகுதியும் வருகிறது. சொல் அழிந்த இடத்தில் இலக்கணம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது! 1874இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த வகை இது. இவர்களுக்கு நாம் சொல்வதும் சரியாக விளங்காது, தாம் பிழையாகப் பேசுவதும் பலருக்குத் தெரியாது. கை கால் விழாததால் பாரிசவாதம் என்று எவரும் நினைப்பதில்லை. பைத்தியம், பேய்க்குணம் என்று பார்வை பார்க்க அழைத்துப் போய்விடுகிறார்கள். திடீரென்று பேச்சு இப்படி மாறினால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இந்த இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சொல்லும் இலக்கணமும் மூளையில் தனித்தனியாகப் பழுதாகக்கூடியவை என்பது தெரிகிறது. அதற்காக முன்பக்கம் இலக்கணப் பெட்டி, பின்பக்கம் சொற்பெட்டி என்று கோடு கிழித்துவிடுவதும் தவறு. 1983இல் லைன்பார்கர், ஷ்வார்ட்ஸ், சஃப்ரன் ஆகியோர் காட்டியது என்னவென்றால், வசனம் கோக்க முடியாத நோயாளிகளில் சிலர், அடுத்தவர் பிழையான வசனம் சொன்னால் அது பிழை என்று நன்றாகவே கண்டுபிடித்தார்கள். அறிவு உள்ளே இருக்கிறது, பேசும் வேகத்தில் அதை எடுத்துப் பயன்படுத்துவதுதான் முடியவில்லை. முதல் வகைக்குப் பெயர் தந்த பிரெஞ்சு மருத்துவர் ப்ரோகா 1861இல் ஆராய்ந்த, பேச்சிழந்த லெபோர்ன் என்ற நோயாளியின் மூளை பாரிஸில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதை எம்.ஆர்.ஐ. ஸ்கான் செய்து 2007இல் வெளியிட்டபோது, பழுது ப்ரோகா சொன்ன மேற்பரப்போடு நிற்காமல் ஆழத்தில் உள்ள நரம்பிழைகள்வரை போயிருந்தது தெரிந்தது.

ஆங்கிலப் பாடநூல் காட்டும், விகுதிகளை விட்டுவிட்டுத் தந்தி அடிப்பதுபோல் சொற்களை மட்டும் சொல்லும் தந்திப் பேச்சையே தமிழிலும் எதிர்பார்ப்பது மாணவர்கள் அடிக்கடி விடும் தவறு. நம்மைப்போல விகுதிகளை ஒட்டிக்கொண்டு போகும் துருக்கி மொழியில், ப்ரோகா வகை நோயாளிகள் உருபுகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவதில்லை. ஆகவே “வயலுக்கு” என்று ‘கு’ வந்ததால் இலக்கணம் நலம் என்று எழுதிவிடாதீர்கள். வினை வந்ததா, ‘போய்’, ‘கட்டிப்போட்டு’ என்று ஒரு செயலை இன்னொன்றோடு கோக்கிறாரா, ஆளுக்கேற்ற விகுதி வருகிறதா என்று பாருங்கள்.

அதேபோல, கண்ணகியம்மன் காவியத்தையோ சின்ன வயதில் ஓதிய சூறாவையோ தங்குதடையின்றிச் சொல்கிறார் என்பதற்காக “வேணுமெண்டுதான் நடிக்கிறார்” என்று கோபிக்காதீர்கள். மனப்பாடமாய் வருவதும் எண்ணுவதும் வசனம் கோக்காமலே வரும்.

பயிற்சியும் ஆளுக்கேற்ப மாற வேண்டும். வயல்காரருக்குப் படம் காட்டி “இது என்ன?” என்று நாள் முழுக்கக் கேட்பது வீண், பெயர்கள் அவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ‘வெட்டு’ என்ற ஒரு வினையை எடுத்து, யார், எதை, எங்கே என்று அதைச் சுற்றிக் கேளுங்கள்: தங்கச்சி, மீன், குசினி, கொத்தன், கல், வளவு. சொல் தொலைந்தவருக்கோ மண்வெட்டியைக் கையில் கொடுத்து, இதால் என்ன செய்வீர்கள், எங்கே வைப்பீர்கள், எதனால் செய்தது என்று கேட்டு, அந்தப் பெயரை நோக்கிக் கொண்டுபோக வேண்டும்.