நீல டிக் விழுந்தும் பதில் வராத இரண்டரை மணி நேரம்

கொக்குவிலில் இருக்கும் ஒரு பெண்ணுக்கும் ரொறன்ரோவில் இருக்கும் ஒருவருக்கும் கலியாணம் முற்றாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தை மாதம். இரவு 8.10க்கு வட்ஸ்அப்பில் "வேலைக்குப் போய்ட்டீங்களோ?" என்று கேட்கிறாள். டிக் இரண்டும் நீலமாகின்றன, பதில் இல்லை. 8.40க்கு "என்னில கோவமோ?" 9 மணிக்கு வெறும் கேள்விக்குறிகள். 9.15க்கு அவற்றை அழிக்கிறாள். 9.30க்குள் மூன்று கோல். 10 மணிக்கு "இனி உங்களுக்குக் கரைச்சல் தரமாட்டன்." 10.45க்குப் பதில் வருகிறது: "மீட்டிங்கில நிண்டனான். என்ன நடந்தது உமக்கு?"

அவள் முதலாவது மெசேஜை அனுப்பியபோது அங்கே காலை 9.40. குளிர்காலத்தில் ரொறன்ரோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், கோடையில் ஒன்பதரை. இது அவளுக்குத் தெரியாததல்ல. பயம் ஏறிய நேரத்தில் தெரிந்தது கைகொடுக்காது, அவ்வளவுதான்.

முதல் தவறு, டிக்கை மனமாக வாசிப்பது. சாம்பல் நிறத்தில் ஒரு டிக் என்றால் மெசேஜ் போய்விட்டது, இன்னும் அவருடைய போனுக்குச் சேரவில்லை. இரண்டு சாம்பல் என்றால் சேர்ந்துவிட்டது. நீலம் என்றால் அந்த உரையாடல் திறக்கப்பட்டது. திறந்தவர் படியில் ஏறிக்கொண்டிருந்தாரா, பிறகு ஆறுதலாக எழுதுவோம் என்று வைத்தாரா என்பது எந்த நிறத்திலும் இல்லை. "ஒன்லைன்" என்பதும் அப்படித்தான், அவர் வேறு யாருக்காவது எழுதிக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவதுதான் பெரிய தவறு, துரத்திக் கேட்பது. தாயைப் பிரிந்த குழந்தை முதலில் கத்தி அழும், தேடும் என்றும், அது தாயைத் திரும்ப வரவைக்கும் எதிர்ப்பு என்றும் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜோன் பௌல்பி விளக்கினார். அந்த மூன்று கோலும் அதே அழுகைதான். சிக்கல் என்னவென்றால், அது பலன் தருவதுபோலத் தோன்றுகிறது. 10.45க்குப் பதில் வந்ததும் நெஞ்சு இறங்குகிறது. கோல் எடுத்ததால்தான் வந்தது என்று மனம் கணக்கெழுதிக்கொள்கிறது. சும்மா இருந்திருந்தாலும் மதிய இடைவேளையில் வந்திருக்கும் என்பதை அறிய வாய்ப்பே கிடைக்கவில்லை. அதனால் அடுத்த முறை பயம் முந்தியே தொடங்கும்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு வேரும் உண்டு. 2006 ஆவணியில் ஏ9 பாதை மூடப்பட்ட காலத்தைப் பார்த்த வீடுகளில், தகவல் வரவில்லை என்றால் ஏதோ நடந்துவிட்டது என்றுதான் பொருள். அன்று அந்தப் பயம் நியாயமானது. உடம்பு அதை மறக்காமல் இன்றைய போனிலும் அதே கணக்கைப் போடுகிறது. இப்படிப் பயப்படுகிறவரை "விசர்க்கதை" என்று அடக்குவது சரியல்ல.

மூன்றாவது தவறு, சோதித்துப் பார்ப்பது. மெசேஜை அழிப்பது, "இனி எழுதமாட்டன்" என்பது, இரண்டு நாள் பேசாமல் இருந்து தேடுகிறாரா என்று பார்ப்பது. அழித்த இடத்தில் அழிக்கப்பட்டது என்ற வரி நிற்கும், மறுபக்கம் குழம்பும். தேவை "பயமா இருக்கு" என்று சொல்வது, போனதோ "கோவம்".

கோலை முற்றாக நிறுத்துவோம் என்று சபதம் எடுப்பவர்கள் இரண்டாம் நாளே உடைந்துபோவார்கள். ஒத்திப்போடுவதே சரி. கை போனுக்குப் போகும்போது 15 நிமிடம் பொறுங்கள், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. அது இயல்பானதும் 30, பிறகு ஒரு மணி. கூடவே ஒரு கொப்பியில் நான்கு விடயங்கள் எழுதுங்கள்: அனுப்பிய நேரம், மனம் சொன்ன காரணம், பதில் வந்த நேரம், உண்மையான காரணம். இரண்டு கிழமை எழுதினால் இரண்டாவதும் நான்காவதும் எத்தனை தடவை பொருந்தின என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

பொருந்துகிற கொப்பியும் உண்டு. முன்பு அன்றிரவே பதில் போட்டவர் இப்போது கிழமைக்கணக்கில் ஒற்றைச்சொல் போடுகிறார், சொன்ன நேரத்துக்கு எடுப்பதில்லை, கேட்டால் பேச்சை மாற்றுகிறார் என்றால் அது பயத்தின் கற்பனையல்ல, நேரே கேட்கவேண்டிய விடயம். ஒரு மெசேஜை வைத்து அல்ல, அவருடைய வழமையை வைத்து மட்டும் அளவிடுங்கள். நித்திரை போய்விட்டது, சாகலாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் காத்திருக்காமல் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.

மறுபக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு பதற்றத்துக்கும் ஓடிவந்து பதில் போடத் தேவையில்லை. "வேலையில நிக்கிறன், உங்கட இரவு பதினொன்றுக்கு எடுக்கிறன்" என்ற ஒரு வரி போதும். ஆனால் பதினொன்றுக்கு எடுக்கவேண்டும்.