பெயர் சூட்டு விழா வரவேற்புரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயர் சூட்டு விழாவில் உறவினரை வரவேற்றுப் பேசும் பொறுப்பு பெரும்பாலும் குழந்தையின் தாத்தாவுக்கோ பெரியப்பாவுக்கோ அமைகிறது. மகிழ்ச்சி மிகுதியில் அவர்கள் செய்துவிடும் முதல் தவறு, குழந்தையின் பெயரைத் தாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவதாகும். பல குடும்பங்களில், குழந்தையைத் தொட்டிலில் இட்டதும் அத்தை அதன் காதில் மூன்று முறை பெயரைச் சொன்ன பிறகுதான் கூடியிருப்போர் அதை அறிய வேண்டும் என்பது முறை. வரவேற்புரையிலேயே பெயர் ஒலிபெருக்கியில் வந்துவிட்டால், அத்தைக்கு உரிய அந்த உரிமை வெறும் சடங்காகிவிடும். தாளில் எழுதி வைத்துப் பேசுபவர், பெயர் வரும் இடங்களிலெல்லாம் "எங்கள் பேத்தி" என்றே எழுதிக்கொள்வது நல்லது.

இதைவிட நீண்ட நாள் மனத்தாங்கலை உண்டாக்குவது பெயர்ப் பட்டியல். ஐந்து சித்தப்பாக்களில் நால்வரைப் பெயர் சொல்லி வரவேற்றுவிட்டு ஒருவரை விட்டுவிட்டால், விடுபட்டவர் பந்தியில் உட்காரும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். அதனால் தனிப் பெயர்களை விடுத்து உறவு முறையால் அழைப்பதே பாதுகாப்பானது. விழாவைத் தந்தை வழியினர் நடத்தும்போது, பேறுகாலம் பார்த்த தாய்வீட்டாரை "மற்றும் சம்பந்தி வீட்டார்" என்று கடைசியில் ஒட்டவைப்பது பெருங்குறை என்றே நான் கருதுவேன். தாய்மாமன் வீட்டாரை முதலில் சொல்வதால் எவருக்கும் குறைவு வராது.

நன்றி சொல்லும்போது சங்கிலி, கொலுசு, மொய் எதையும் குறிப்பிடக் கூடாது. ஒன்றைச் சொன்னால் மற்றவர்கள் கொண்டுவந்ததோடு அது ஒப்பிடப்படும். வந்ததற்கும், துணை நின்றதற்கும் மட்டும் நன்றி சொன்னால் போதும்.

அழைப்பிதழில் பத்தரை மணிக்குப் பெயர் சூட்டுவதாக இருந்தால், பத்து இருபதுக்கு எழுந்து இரண்டு நிமிடத்திற்குள் முடித்துவிட வேண்டும். வரவேண்டியவர்களுக்காகப் பேச்சை நீட்டினால் நல்ல நேரம் கைநழுவும். குழந்தையும் பசித்து அழத் தொடங்கும். பின்வரும் அளவே நிறைவானது:

"எங்கள் பேத்திக்குப் பெயர் சூட்டும் இந்த நன்னாளில், அழைப்பை ஏற்று வந்திருக்கும் தாய்மாமன் வீட்டாரையும், அத்தைமாரையும், பங்காளிகளையும், நண்பர்களையும், அக்கம்பக்கத்தாரையும் இரு கரம் கூப்பி வரவேற்கிறோம். பத்து மாதம் சுமந்து பெற்ற எங்கள் மருமகளுக்கும், தாயையும் சேயையும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட சம்பந்தி அம்மாவுக்கும் எங்கள் நன்றி. குழந்தையை வாழ்த்தி, அனைவரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் செல்ல வேண்டும்."

இறுதியாக, ஒலிபெருக்கிப் பெட்டியைத் தொட்டிலை நோக்கி வைக்கக் கூடாது. சிறிய கூடமாக இருந்தால், ஒலிவாங்கி இல்லாமல் நின்று பேசினாலே கடைசி வரிசை வரை கேட்கும். உறங்கும் குழந்தையும் திடுக்கிட்டு எழாது.