படுத்த டேங்க்ல எத்தனை லிட்டர்? கணக்கு எங்கெங்க தப்புது

படுக்க வச்ச உருளை டேங்க் ஒண்ணு, உள் விட்டம் 2 மீட்டர், நீளம் 5 மீட்டர், ரெண்டு முனையும் தட்டையா அடைச்சது. அளவுகுச்சிய விட்டுப் பாத்தா 50 செ.மீ. ஈரம். 2 மீட்டர்ல 50 செ.மீ.ன்னா கால்பங்கு, டேங்க் முழுசா 15,708 லிட்டர் பிடிக்கும், அதுல கால்பங்கு 3,927 லிட்டர்னு எழுதிட்டுப் போயிடறாங்க. உண்மையில உள்ள இருக்கிறது 3,071 லிட்டர்தான். 856 லிட்டர் காகிதத்துல மட்டும் இருக்கு, டேங்க்ல இல்ல.

நிக்க வச்ச டேங்க்ல இந்தக் கணக்கு சரி, ஏன்னா அங்க எந்த உயரத்துல வெட்டினாலும் அதே வட்டம்தான். படுத்தா அப்படி இல்ல, அடியில வளைவு குறுகலா இருக்கும், நடுவுல அகலம், மேல போகப்போக திரும்பக் குறுகும். நம்ம டேங்க்ல 20 செ.மீ. உயரத்துல திரவத்தோட மேற்பரப்பு அகலம் 1.2 மீட்டர், அதனால அங்க ஒரு செ.மீ. ஏறினா 60 லிட்டர் கூடும். 50 செ.மீ.ல அதே ஒரு செ.மீ.க்கு 87 லிட்டர். நட்டநடுவுல 100 லிட்டர். குச்சியில சம இடைவெளி விட்டு லிட்டர் கோடு போட்டு வச்சிருந்தா அது எப்படிச் சரியா வரும்?

இந்தத் தப்பு இத்தனை பேர்கிட்ட ஒட்டிக்கிட்டு இருக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. டேங்க் காலியா இருக்கும்போது விகிதக் கணக்கு சரியா வரும், பாதி இருக்கும்போதும் வரும், முழுசா இருக்கும்போதும் வரும். சோதிச்சுப் பாக்கிறவங்க பெரும்பாலும் இந்த மூணு இடத்துலதான் பாப்பாங்க, மூணும் ஒத்துப்போறதால நம்பிடுவாங்க. பிழை ரொம்ப அதிகமாகிறது உயரம் 19 சதவீதம் இருக்கும்போது, அப்ப முழுக் கொள்ளளவுல 5.8 சதவீதம் கூடுதலா காட்டும், இந்த டேங்க்ல அது 900 லிட்டருக்கு மேல. பாதிக்கு மேல போனா பிழை தலைகீழா மாறி இருக்கிறதைவிடக் குறைச்சலா காட்டும், அதனால நிரப்பும்போது இன்னும் இடம் இருக்குன்னு நினைச்சு வழிய விட்டுடுவாங்க. நினைவுல வச்சுக்க ரெண்டு எண் போதும்: உயரம் 10 சதவீதம்னா அளவு 5.2 சதவீதம், உயரம் 25 சதவீதம்னா அளவு 19.6 சதவீதம். மேல் பக்கத்துக்கு இதையே 100-ல இருந்து கழிச்சுக்கலாம், 75 சதவீத உயரத்துக்கு 80.4.

சரியான சூத்திரம் இதுதான், r உள் ஆரம், h திரவத்தோட உயரம், L நீளம்:

```
V = L * ( r^2 * acos((r-h)/r) - (r-h) * sqrt(2*r*h - h^2) )
```

முதல் பகுதி, மையத்துல இருந்து திரவ மட்டத்தோட ரெண்டு ஓரத்துக்கும் கோடு இழுத்தா கிடைக்கிற விசிறித் துண்டோட பரப்பு. ரெண்டாவது பகுதி, அந்தத் துண்டுல திரவ மட்டத்துக்கு மேல நிக்கிற முக்கோணம், அதைக் கழிக்கிறோம். நம்ம எண்களைப் போட்டா acos(0.5) = 1.0472, முக்கோணம் 0.5 × 0.8660 = 0.4330, மிச்சம் 0.6142 சதுர மீட்டர், அதை 5-ஆல பெருக்கினா 3.071 கன மீட்டர்.

இங்க முதல்ல மாட்டுறது கால்குலேட்டர் `DEG`-ல இருக்கிறது. acos(0.5)-க்கு 60 வரும், மொத்தம் கிட்டத்தட்ட 2,97,800 லிட்டர்னு காட்டும், அது எவ்வளவு அபத்தம்னு பாத்தவுடனே தெரிஞ்சிடும், `RAD`-க்கு மாத்திட்டா சரி. எனக்குக் கவலை அந்த மாதிரித் தப்பு இல்ல, நம்பும்படியா ஒரு எண்ணைக் கொடுக்கிற தப்புதான்.

எக்ஸெல்ல அப்படி ஒண்ணு இருக்கு, நான் இதுலயே அரைநாள் தொலைச்சிருக்கேன். A2-ல ஆரம், B2-ல உயரம், C2-ல நீளம்னு வச்சுக்கிட்டா இது சரியா வேலை செய்யும்:

```
=(A2^2*ACOS((A2-B2)/A2)-(A2-B2)*SQRT(2*A2*B2-B2^2))*C2
```

வர்க்கமூலத்துக்குள்ள இருக்கிறதை மட்டும் இடம் மாத்தி `SQRT(-B2^2+2*A2*B2)`-ன்னு எழுதினா கணக்குப்படி ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணும். எக்ஸெல்லுக்கு ஒண்ணு இல்ல. முன்னாடி தனியா நிக்கிற கழித்தல் குறியை அது எண்ணோட சேத்துக்கிட்டு அப்புறம்தான் வர்க்கம் பண்ணும், அதனால -0.25-க்குப் பதிலா +0.25 ஆகிடும். விடை 2,441 லிட்டர். 3,071-க்குப் பதிலா 2,441 வந்தா யாருக்கு சந்தேகம் வரும்? அதுலயும் காலி டேங்க்ல பாருங்க, சரியா பூஜ்யம் வரும், பாதி டேங்க்லயும் சரியா வரும், ஏன்னா அங்க r-h பூஜ்யமாகி அந்தப் பகுதியே காணாமப் போயிடுது. முழு டேங்க் போட்டாதான் மாட்டும்.

இன்னொரு குழப்பம் கோணத்தை எடுக்கிறதுல. சில இடத்துல சூத்திரத்தை r²/2 × (θ − sin θ)-ன்னு கொடுத்திருப்பாங்க, அதுவும் சரிதான், ஆனா அந்த θ மையத்துல விழுற முழுக் கோணம், acos கொடுக்கிறதோட ரெண்டு மடங்கு. acos-ஐ அப்படியே θ-ன்னு போட்டா 453 லிட்டர் வரும், ரெண்டால பெருக்கிப் போட்டா 3,071 வரும். ரெண்டு சூத்திரத்துல ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு கடைசி வரை அதுலயே போங்க.

பாதிக்கு மேல போகும்போது r-h நெகட்டிவ் ஆகும், பயந்து அதை பாசிட்டிவா மாத்தாதீங்க. 150 செ.மீ.ல acos(-0.5) = 2.0944, கழிக்க வேண்டியது -0.4330, அதாவது கூடிடுது, 2.5274 × 5 = 12.637 கன மீட்டர். இதுல ஒரு நல்ல சோதனை இருக்கு: 50 செ.மீ. விடையையும் 150 செ.மீ. விடையையும் கூட்டினா முழு டேங்க் வரணும், 3,071 + 12,637 = 15,708, வருது. மேல சொன்ன எக்ஸெல் தப்பு, கோணத் தப்பு, குறியை மாத்துற தப்பு எல்லாமே இந்த ஒரு கூட்டல்ல வெளிய வந்திடும். வராதது விகிதக் கணக்கு மட்டும்தான், அதுக்குத்தான் 25 சதவீதத்துக்கு 19.6-ன்னு தனியா நினைவு வச்சுக்கச் சொன்னேன்.

கணக்கு சரியாகிட்டாலும் h-ங்கிற எண் சரியா வந்திருக்கணும். குச்சி விடுற வாய் டேங்க்கோட நடுக்கோட்டுல இல்லாம 20 செ.மீ. பக்கவாட்டுல தள்ளி இருக்குன்னு வைங்க, குச்சி நேரா இறங்கினா அடிமட்டத்தைத் தொடாது, வளைவுல 2 செ.மீ. மேலயே முட்டி நிக்கும். 50 செ.மீ. இருக்கிற இடத்துல 48-ன்னு படிப்பீங்க, கிட்டத்தட்ட 170 லிட்டர் குறையும். இப்படி அமைஞ்ச டேங்க்ல அந்த 2 செ.மீ.யை ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கணும்.

டேங்க் சாய்ஞ்சிருக்கிறது அதைவிடப் பெரிய விஷயம். நிறைய டேங்க்கை வேணும்னே ஒரு பக்கம் லேசா இறக்கி வைப்பாங்க, அடியில தங்குற தண்ணியும் கசடும் ஒரு மூலைக்கு வரட்டும்னு. 5 மீட்டர் நீளத்துக்கு 5 செ.மீ. இறக்கம்னா கண்ணுக்கே தெரியாது. நடுவுல 50 செ.மீ. இருக்கும்போது தாழ்ந்த முனையில 52.5 காட்டும், உயர்ந்த முனையில 47.5 காட்டும். சூத்திரத்துல போட்டா ஒண்ணு 3,289 லிட்டர், இன்னொண்ணு 2,856 லிட்டர், அதே டேங்க், அதே திரவம், 430 லிட்டருக்கு மேல வித்தியாசம். நீளத்தோட நட்டநடுவுல அளந்தா இந்தப் பிழை ஏறக்குறைய மறைஞ்சிடும், ஏன்னா ஒரு பக்கம் கூடினது மறுபக்கம் குறைஞ்சு ஈடாகிடுது. நடுவுல வாய் இல்லன்னா முனையில அளந்து, சாய்வைக் கணக்குல எடுத்து நடு உயரத்துக்கு மாத்திக்கணும். ஆனா திரவம் ரொம்பக் குறைஞ்சு உயர்ந்த முனையில அடித்தகடு காய்ஞ்சு தெரிய ஆரம்பிச்சிட்டா இந்த வழி செல்லாது.

விட்டத்தை வெளியில டேப் சுத்தி எடுத்தா தகட்டோட தடிமனும் சேந்து வரும். 6 மி.மீ. தகடுன்னா ரெண்டு பக்கமும் சேத்து 12 மி.மீ. அதிகம், முழுக் கொள்ளளவே 189 லிட்டர் கூடுதலா காட்டும். தடிமனைக் கழிச்சிட்டு ஆரம்பிங்க.

கடைசியா முனைகள். இதுவரைக்கும் தட்டை மூடின்னு வச்சுக்கிட்டோம், ஆனா நிறைய டேங்க்ல முனை வெளிப்பக்கம் உப்பின கிண்ணம் மாதிரி இருக்கும். அந்தக் கிண்ணம் விட்டத்துல கால்பங்கு ஆழம் கொண்ட நீள்வட்ட வகைன்னா, ரெண்டு முனையும் சேந்து பிடிக்கிற திரவம்:

```
V_heads = pi * h^2 * (3*r - h) / 6
```

50 செ.மீ.க்கு இது 327 லிட்டர், உடம்புப் பகுதியோட சேந்து 3,398. இங்க ரெண்டு விதமா தப்பு பண்றாங்க. ஒண்ணு, முனையிலிருந்து முனை வரை மொத்த நீளம் 6 மீட்டரை L-ன்னு போட்டுடறது, அப்ப 3,685 வரும், 287 லிட்டர் அதிகம். L-ங்கிறது நேரான உருளைப் பகுதி மட்டும், வளைவு தொடங்குற வெல்டிங் கோட்டுக்கிட்ட இருந்து அளக்கணும். இன்னொண்ணு, ரெண்டு கிண்ணமும் முழுசா 2,094 லிட்டர் பிடிக்கும், உடம்பு 19.6 சதவீதம் நிரம்பியிருக்கு, அதனால கிண்ணமும் 19.6 சதவீதம்னு போட்டு 409 எடுத்துக்கிறது. கிண்ணம் கீழ உடம்பைவிடவும் குறுகல், கால் உயரத்துல அது 15.6 சதவீதம்தான் நிரம்பும். கிண்ணம் அரைக்கோளமா இருந்தா மேல இருக்கிற சூத்திரத்துல 6-க்குப் பதிலா 3 போடுங்க. ஆழம் கம்மியான சாதாரண உப்பலா இருந்தா இது ரெண்டுமே பொருந்தாது. அப்ப தெரிஞ்ச அளவு தண்ணிய மீட்டர் வச்சு கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, ஒவ்வொரு தடவையும் குச்சியில கோடு போட்டு அந்த டேங்க்குக்குன்னு ஒரு பட்டியல் தயார் பண்ணிடறதுதான் நல்லது. டேங்க்கை வச்ச இடத்துலயே, அந்தச் சாய்வோடயே அதைச் செய்யணும், பின்னாடி டேங்க்கை நகத்தினா திரும்பச் செய்யணும்.