பாமினியில் எழுதி மின்னஞ்சலில் ஒட்டலாமா?

மலையகத்தில் தமிழில் அலுவலகக் கடிதம் எழுதும் பலர் இன்னும் பாமினி எழுத்துருவைத்தான் பாவிக்கிறார்கள். அச்சடித்துக் கொடுக்கும்வரை பிரச்சினையில்லை. அதை வேர்டில் இருந்து அப்படியே எடுத்து மின்னஞ்சலில் ஒட்டும்போதுதான் வம்பு தொடங்குகிறது. அனுப்புகிறவரின் கணினியில் எல்லாம் அழகாகத் தமிழில் இருக்கும். போனில் திறக்கும் அதிகாரிக்கோ "விடுமுறை" என்ற சொல் tpLKiw என்று வந்து நிற்கும்.

பாமினியில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள்தான்; தமிழ் வடிவத்தைக் கொடுப்பது எழுத்துரு. வடிவமைப்போடு மின்னஞ்சல் அனுப்பினால் எழுத்துருவின் பெயர் மட்டுமே கூடப் போகும். பெறுகிறவரின் கருவியில் பாமினி இல்லையென்றால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்.

அதனால் முதலில் சாதாரண உரையாக ஒட்டிப் பாருங்கள். ஜிமெயிலை கணினியில் திறந்து, Ctrl+Shift+V அழுத்தினால் எழுத்துருவும் நிறமும் கழன்று வெறும் எழுத்து மட்டும் விழும். தமிழாகவே இருந்தால் அது தமிழ் எழுத்தாகவே சேமிக்கப்படும் யூனிகோட், சரி. ஆங்கில எழுத்துகளாக விழுந்தால் யூனிகோடுக்கு மாற்றித்தான் அனுப்ப வேண்டும்.

மாற்றியதும் உடனே அனுப்பிவிடாதீர்கள். மாற்றித் தரும் மென்பொருள் எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று பிரித்தறியாது. ஓர் ஆசிரியர் இடமாற்ற விண்ணப்பத்தில் தன் பழைய அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். ஒன்பது இலக்கங்களுக்குப் பின்னால் வரும் V, மாற்றியபின் "ஏ" ஆகிவிடும். X என்றால் "ஓ". பார்வைக்குச் சின்னப் பிழை, ஆனால் இலக்கம் செல்லாததாகிவிடுகிறது. மின்னஞ்சல் முகவரிகளுக்கும் இதே கதிதான். இவற்றைக் கையால் திரும்பத் தட்டுங்கள்.

அப்புறம், தடித்த எழுத்து, நிறம். தலைப்பைத் தடிப்பாக்குவதில் தவறில்லை. ஆனால் "சிவப்பில் உள்ள பெயர்களுக்கு அனுமதி தேவை" என்று எழுதக்கூடாது. சாதாரண உரையாகத் திறப்பவருக்குச் சிவப்பே இருக்காது. பெயருக்குப் பக்கத்தில் "அனுமதி தேவை" என்று எழுதிவிட்டால் எங்கே திறந்தாலும் புரியும்.

வேர்ட் அட்டவணையை மின்னஞ்சலின் உடலில் ஒட்டுவதையும் நான் தவிர்ப்பேன். ஐந்தாறு நிரல்கள் போனின் அகலத்துக்குள் நெருங்கினால் பெயர்கள் துண்டு துண்டாக உடையும். இடைவெளி தட்டி நிரல் அமைத்தால் எழுத்துரு மாறியதும் கோணலாகும். இரண்டு மூன்று பேர் என்றால் ஒருவருக்கு ஒரு பந்தி எழுதலாம். நீண்ட பட்டியலைப் பிடிஎஃப் ஆக இணைப்பதே நல்லது. எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்து போகும்.

ஜிமெயிலின் Plain text mode-ஐ நிரந்தரமாகப் போட்டுவைக்க நான் சொல்லமாட்டேன். அது நீண்ட வரிகளைத் தானே வெட்டுவதால் போனில் பந்தி பாதிப் பாதி வரியாகத் தெரியும். வழக்கமான முறையில் யூனிகோடில், அலங்காரமில்லாமல் எழுதினால் போதும். ஜிமெயில் சாதாரண உரைப் பிரதியையும் கூடவே அனுப்புகிறது.