குடையை இரண்டு கொடிகளுக்கும் நடுவில் ஊன்றுங்கள்

கடற்கரையில் மேலே சிவப்பு, கீழே மஞ்சள் நிறமுள்ள இரண்டு கொடிகள் தெரிந்தால், உயிர்காப்பாளர் கண்காணிக்கும் பகுதி அவற்றுக்கு இடையில்தான் என்று பொருள். அவற்றுக்கு நேர் நடுவில் குடையை ஊன்றிவிட்டு அதற்கு நேராகவே குளியுங்கள். அலைகள் நம்மைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தும்; நீருக்குள் இருப்பவருக்கு அது தெரியாது. குடை ஒருபக்கமாக விலகித் தெரிந்தால் கரையேறி, நடந்து திரும்பி வரவேண்டும். அலையடிக்காமல் அமைதியாக இருக்கிறதே என்று கொடிகளுக்கு வெளியே குழந்தைகளை இறக்காதீர்கள். ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் பல நேரம் அப்படித்தான் இருக்கும். உயிர்காப்பாளர் விசில் ஊதிக் கைகாட்டினால் உடனே திரும்புங்கள். உதவி வேண்டுமா, ஒரு கையை உயர்த்தி ஆட்டுங்கள்.

கொடியை இடம் மாற்றினால் குடையும் மாறவேண்டும். தனிச் சிவப்புக் கொடி பறந்தாலோ, கொடியே இல்லாவிட்டாலோ இந்த யோசனை உதவாது. அன்று மணலோடு சரி.